மூன்று காய்ப் புதிரும் அதன் பொறி நகர்வும்

வைகைக்கரையான் (திருமங்கலம்), 2 ஜூன் 2024, காலை 11.40

ஞாயிற்றுக்கிழமை சதுரங்க வகுப்பின் கரும்பலகையில் வாரம் ஒரு புதிர் எழுதிப் போடுகிறேன். புத்தகத்திலிருந்து எடுத்துப் போட்டால் பிள்ளைகள் கைப்பேசியில் தேடி விடையைப் பார்த்துவிடுகிறார்கள் என்பதால், இந்த முறை நானே ஒன்றை அமைத்தேன். வெள்ளை ராஜா c6, வெள்ளைச் சிப்பாய் c7, கறுப்பு ராஜா a7. வெள்ளை ஆடி இரண்டு நகர்வில் மேட் செய்ய வேண்டும்.

```
8/k1P5/2K5/8/8/8/8/8 w - - 0 1
```

சிப்பாயை c8-க்குத் தள்ளி ராணியாக்கத்தான் எவருக்கும் கை போகும். அப்படி ஆக்கினால் கறுப்பு ராஜாவுக்குச் செக்கும் இல்லை, நகரக் கட்டமும் இல்லை. ஆட்டம் ஸ்டேல்மேட்டில் சமனாகிவிடும். யானையாக்கினால் a6 மட்டும் திறந்திருக்கும். ராஜா வேறு வழியின்றி அங்கே போக, யானை a8-க்கு வந்து மேட். தீர்வு ஒன்றே, பொறியும் ஒன்றே என்பது என் கணக்கு. ஒரு நல்ல புதிருக்கு இதற்கு மேல் வேண்டியது என்ன இருக்கிறது என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

மேலூர் பொறியாளர், 2 ஜூன் 2024, பிற்பகல் 2.15

தீர்வு சரி. ஆனால் பலகையில் மூன்றே காய்கள் நின்றால், இதில் ஏதோ சூது இருக்கிறது என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும். நிஜ ஆட்டத்தில் வந்த நிலை போலத் தோன்றினால்தான் பொறி வேலை செய்யும். ஆகவே வலது ஓரத்தில் h6-இல் ஒரு கறுப்புச் சிப்பாயைச் சும்மா நிறுத்திவிடுங்கள். அது எங்கோ தொலைவில் நிற்பதால் தீர்வில் எதுவும் மாறாது.

தல்லாகுளத்தார், 2 ஜூன் 2024, இரவு 9.05

மேலூர் தம்பி பாதி சரியாகச் சொல்கிறார். வெறும் பலகை சூதைக் காட்டிக்கொடுக்கும் என்பது உண்மை. தீர்வில் எதுவும் மாறாது என்பதுதான் உண்மையில்லை. தீர்வு அப்படியே தலைகீழாகப் புரண்டுவிடும்.

h6-இல் கறுப்புச் சிப்பாய் இருக்கும்போது c8-இல் ராணியாக்கிப் பாருங்கள். ராஜா நகர முடியாது, ஆனால் சிப்பாய் h5-க்கு நகர முடியும். நகர முடியும் என்பதால் ஸ்டேல்மேட் இல்லை; நகர்ந்தே ஆக வேண்டும் என்பதால் அடுத்த நகர்வில் ராணி b7-இல் இறங்கி மேட். c6-இல் நிற்கும் ராஜா அவளைக் காக்கிறார். இனி யானையாக்கிப் பாருங்கள். முன்பு கறுப்பு ராஜா a6-க்குப் போனது ஆசைப்பட்டு அல்ல, வேறு நகர்வு இல்லாததால். இப்போது அவருக்குப் பதிலாகச் சிப்பாய் h5-க்கு நகர்ந்துவிடும், ராஜா a7-இலேயே உட்கார்ந்திருப்பார். a8-க்கு யானை போனால் ராஜா அதை வெட்டிவிடுவார். இரண்டு நகர்வில் மேட் கிடையாது.

அந்தச் சிப்பாய் எந்தக் கட்டத்தையும் காக்கவில்லை, எதையும் தாக்கவில்லை. கறுப்புக்கு ஒரே ஒரு நகர்வை இரவல் தருகிறது. உங்கள் புதிர் நிற்பதே கறுப்புக்கு வேறு நகர்வு இல்லை என்ற ஒரே தூணின் மேல். இந்த வகைப் புதிரில் ஒரு காயைச் சேர்க்கும்போது, அது என்ன செய்கிறது என்று கேட்பதற்கு முன் அதனால் நகர முடியுமா என்று கேட்க வேண்டும்.

மேலூர் பொறியாளர், 2 ஜூன் 2024, இரவு 9.50

அப்படியானால் இது இன்னும் சிறந்த புதிர் ஆகிவிட்டதே. ராணியாக்கினால் ஸ்டேல்மேட் என்று படித்து வைத்திருப்பவர் பெருமையோடு யானையை எடுப்பார்; h5 என்று ஒரு சிப்பாய் நகர்ந்து அவரை மடக்கிவிடும். தவறான முதல் நகர்வுக்கு ஒரே ஒரு மறுப்பு. அதைத்தானே கேட்கிறீர்கள்?

வைகைக்கரையான், 5 ஜூன் 2024, இரவு 10.20

இரண்டு வடிவத்தையும் வகுப்புப் பிள்ளைகளிடம் தனித்தனியாகக் கொடுத்துப் பார்த்தேன். சிப்பாய் இல்லாத வடிவத்தில் புதிதாகச் சேர்ந்த சிறுவர்கள் ராணியில் விழுந்தார்கள். போட்டிகளுக்குப் போய்வரும் பிள்ளைகள் உடனே யானை என்றார்கள். h6 வடிவத்தில் நடந்தது வேறு. சின்னவர்கள் யோசிக்காமலே ராணி போட்டு, b7-இல் மேட் என்று சரியாகவே முடித்துவிட்டார்கள். பெரியவர்கள் யானை போட்டு, h5 நகர்ந்ததும் பலகையை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். யோசிக்காதவனுக்குப் பரிசும் யோசித்தவனுக்குத் தண்டனையும் தரும் புதிரை எந்த வகையில் சேர்ப்பது என்று எனக்கு விளங்கவில்லை.

தல்லாகுளத்தார், 6 ஜூன் 2024, காலை 6.30

மேலூரார் சொன்ன இலக்கணம் சரியானது: பொறி நகர்வு என்று மதிக்கத்தக்கது, கறுப்பின் எல்லாப் பதில்களுக்கும் ஈடுகொடுத்து ஒரே ஒரு பதிலில் மட்டும் தோற்க வேண்டும். பத்துப் பதிலில் தோற்கும் நகர்வு பொறி அல்ல, வெறும் தவறு. அந்தக் கணக்கில் h6 வடிவத்தின் யானை நகர்வு தேறுகிறது. ஆனால் பொறி என்பது நிலையில் மட்டும் இருப்பதல்ல. எதிரே உட்கார்ந்திருப்பவர் முன்பு என்னென்ன பார்த்திருக்கிறார் என்பதிலும் பாதி இருக்கிறது. யானைக்கு ஆசைப்பட, ராணியின் ஆபத்து முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

அதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது. இரண்டையும் இரட்டைப் புதிராகச் சேர்த்துக் கொடுங்கள். முதலாவது, பலகையில் உள்ளபடி. இரண்டாவது, h6-இல் ஒரு கறுப்புச் சிப்பாயைச் சேர்த்து. முதலாவதன் விடையே இரண்டாவதன் பொறியாகிவிடும். சின்னவர்களுக்கும் பெரியவர்களுக்கும் அவரவர் வலி கிடைக்கும்.

ஆனாலும் தம்பி, உங்கள் மூலப் புதிரில் எனக்கு ஒரு குறை உண்டு. முதல் நகர்வே பதவி உயர்வு. தீர்ப்பவர் எதைத் தொடுவது என்று தேட வேண்டியதே இல்லை, c8-இல் நான்கு காயில் எது என்று மட்டும் பார்த்தால் போதும். புதிர் அமைப்பவர்கள் முதல் நகர்வு செக்காகவோ, வெட்டாகவோ, பதவி உயர்வாகவோ இருப்பதை விரும்ப மாட்டார்கள். அமைதியான நகர்வையே மெச்சுவார்கள். ஆகவே ஒரு நகர்வு பின்னோக்கி நடந்து பாருங்கள். கறுப்பு ராஜா a8-இலிருந்து a7-க்கு வந்தார் என்று வையுங்கள். அதற்கு முன் வெள்ளை ராஜா எங்கிருந்து c6-க்கு வந்திருக்கலாம்?

வைகைக்கரையான், 9 ஜூன் 2024, மாலை 4.30

ஐயா சொன்னபடி பின்னோக்கி நடந்தேன். சிப்பாய் c7-இலும் கறுப்பு ராஜா a8-இலும் நிற்க, வெள்ளை ராஜாவை ஒவ்வொரு கட்டமாக வைத்துப் பார்த்தேன். b6 முதலிலேயே கழிந்தது, ஏனென்றால் அங்கிருந்து c8-இல் ராணியாக்கினால் உடனே மேட். d6-இல் வைத்தபோது எதிர்பார்த்ததை விட அதிகமாகக் கிடைத்தது.

```
k7/2P5/3K4/8/8/8/8/8 w - - 0 1
```

வெள்ளை ஆடி மூன்று நகர்வில் மேட். தீர்வு: ராஜா c6. கறுப்பு ராஜாவுக்கு b7-ஐ வெள்ளை ராஜா அடைக்கிறார், b8-ஐச் சிப்பாய் அடைக்கிறது. a7 ஒன்றே வழி. பிறகு பழைய கதை: c8-இல் யானை, ராஜா a6, யானை a8 மேட். கறுப்பின் ஒவ்வொரு நகர்வும் கட்டாயம்.

பொறிகள் இரண்டு. முதலாவது, c8-இல் ராணியாக்கிச் செக் வைப்பது. கறுப்பு a7-க்கு வரும். இப்போது வெள்ளை ராஜா நெருங்கித்தானே மேட் செய்ய வேண்டும்? c5, c6, c7 மூன்றில் எதில் கால் வைத்தாலும் ஸ்டேல்மேட். வேறு எது ஆடினாலும் மூன்றுக்குள் முடியாது. இரண்டாவது, c8-இல் யானையாக்கிச் செக் வைப்பது. பழைய புதிரைத் தெரிந்தவர் இதில்தான் விழுவார். கறுப்பு a7-க்குப் போனால் வெள்ளை ராஜா c6-க்கு வந்து அதே மேட்டை அடைந்துவிடும். ஆனால் கறுப்பு b7-க்கு வந்து யானையைத் தாக்கினால் எல்லாம் போயிற்று. ஒரே மறுப்பு, ஐயா கேட்ட அதே இலக்கணம்.

காய்களும் நகர்வுகளும் சரியாகவே இருக்க, வரிசை ஒன்றே தவறு என்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. யானை முதலில், ராஜா பிறகு என்றால் தோல்வி. ராஜா முதலில், யானை பிறகு என்றால் மேட்.

சிம்மக்கல் வாசகர், 9 ஜூன் 2024, மாலை 5.02

மூன்று காய்க்கு இத்தனை பேச்சா! முப்பத்திரண்டும் நின்றிருந்தால் சித்திரைத் திருவிழா வரைக்கும் போயிருக்கும்.

உசிலம்பட்டி அம்மா, 9 ஜூன் 2024, இரவு 8.15

நான் சதுரங்கம் ஆடுபவள் அல்ல. மகள் ஆடுவதைப் பார்த்துக் கற்றவள். அவளிடம் இந்த நிலையைக் காட்டினேன். ராணியாக்கி, ஸ்டேல்மேட் கட்டங்களைத் தவிர்த்து, பொறுமையாகச் சுற்றி வளைத்து ஜெயித்துக் காட்டினாள். இதை ஏன் தவறு என்கிறீர்கள்? சென்ற ஆண்டு அவளுடைய பயிற்சி வகுப்பு ஒன்றில் இதே போன்ற ஒரு கணக்கு வந்தது. தாளில் "வெள்ளை ஆடி வெல்க" என்று மட்டும்தான் இருந்தது. அவள் எழுதிய வழியிலும் வெள்ளை வென்றது. விடைத்தாளில் இருந்த வழி அதுவல்ல என்று சொல்லி மதிப்பெண் தர மறுத்துவிட்டார்கள். இன்னமும் அவளுக்கு அது ஆறவில்லை.

வைகைக்கரையான், 9 ஜூன் 2024, இரவு 8.40

அம்மா, என் புதிரில் மூன்று நகர்வு என்று எல்லை போட்டிருக்கிறேன். அதற்குள் முடியவில்லை என்றால் அது தீர்வல்ல.

தல்லாகுளத்தார், 10 ஜூன் 2024, காலை 6.10

அந்தப் பிள்ளைக்கு மதிப்பெண் கொடுத்திருக்க வேண்டும். தவறு தாளை அமைத்தவருடையது.

"வெள்ளை ஆடி வெல்க" என்றால், வெல்லும் முதல் நகர்வு ஒன்றுதான் இருக்க வேண்டும். இரண்டாவது வழி இருந்தால், அது எவ்வளவு நீளமாக இருந்தாலும், புதிர் ஓட்டை. "மூன்றில் மேட்" என்றால் கணக்கு வேறு. மெதுவாக வெல்லும் வழிகள் எத்தனை இருந்தாலும் கவலையில்லை. திருமங்கலம் தம்பியின் d6 நிலையை "வெல்க" என்று எழுதினால் ஒரே நொடியில் செத்துவிடும், ஏனென்றால் ராணியும் வெல்கிறாள். "மூன்றில் மேட்" என்று எழுதினால் பிழைக்கும். நிலை ஒன்றே, அதன் கீழே எழுதும் வாசகம்தான் தீர்வை ஒன்றாக்குகிறது.

வெல்க என்ற வாசகத்தோடே யானைப் பதவி உயர்வு நிற்கும் இடமும் உண்டு. கிளாஸ்கோவில் 1895-இல் பார்பியே என்பவர் தம் செய்தித்தாள் பத்தியில் ஒரு நிலையைக் கறுப்பு ஆடிச் சமன் என்று சொல்லி வெளியிட்டார். வெள்ளை ராஜா b6, சிப்பாய் c7. கறுப்பு ராஜா a1, யானை d5. அங்கே வாழ்ந்த சாவேத்ரா என்ற ஸ்பானியப் பாதிரியார், கடைசியில் c8-இல் ராணியாக்காமல் யானையாக்கினால் வெள்ளை வெல்லும் என்று கண்டு சொன்னார். ராணியாக்கினால் கறுப்பு யானை c4-இல் செக் வைத்துத் தன்னையே பலி கொடுக்கும். ராணி வெட்டினால் ஸ்டேல்மேட். ராணியால் வெல்ல முடியாதபடி கறுப்பிடம் ஒரு யானை இருப்பதால்தான் அங்கே எல்லை போட வேண்டியதில்லை. நம் நிலையில் கறுப்பிடம் எதுவுமே இல்லை. ஆகவே எல்லை போட்டே தீர வேண்டும்.

இன்னொன்று. தீர்வு ஒன்றே என்று கண்ணால் பார்த்து நம்ப வேண்டாம். புதிர் சரிபார்க்கும் Popeye என்ற இலவச நிரல் இருக்கிறது. இப்படிக் கொடுத்தால் தீர்வையும், நூலிழையில் தவறும் நகர்வுகளையும், எந்தப் பதிலில் தவறுகின்றன என்பதையும் காட்டும்:

```
BeginProblem
Pieces
  White Kd6 Pc7
  Black Ka8
Stipulation #3
Option Try Variation
EndProblem
```

மூன்று காய் நிலைகள் எல்லாம் டேபிள்பேஸ் என்னும் கணினித் தொகுப்பில் எப்போதோ கணக்கிட்டு முடிந்தவை. ஆகவே இதைப் புதிய கண்டுபிடிப்பு என்று எங்கும் அனுப்ப வேண்டாம். வகுப்புப் பலகைக்கு நன்றாகவே பொருந்தும்.

உசிலம்பட்டி அம்மா, 10 ஜூன் 2024, காலை 9.25

மிக்க நன்றி ஐயா. முதல் பத்தியை மட்டும் மகளுக்கு வாசித்துக் காட்டினேன். மற்றதை அவளே வாசித்துக்கொள்கிறாள்.

மேலூர் பொறியாளர், 12 ஜூன் 2024, இரவு 10.45

d6-ஐ விட c5 சிறந்தது என்று நினைக்கிறேன். வெள்ளை ராஜா c5-இல் இருந்தாலும் தீர்வு அதேதான்: ராஜா c6. ராணி, யானை இரண்டு பொறிகளும் அப்படியே இருக்கின்றன. கூடுதலாக மூன்றாவது ஒன்று கிடைக்கிறது: ராஜா b6. கறுப்பு ராஜாவை இறுக்கிப் பிடிக்கும் கட்டம் போலத் தோன்றும். ஆனால் a7-உம் b7-உம் ராஜாவால் அடைபட, b8 சிப்பாயால் அடைபட, அந்த இடத்திலேயே ஸ்டேல்மேட். அடுத்தடுத்த இரண்டு கட்டங்களில் ஒன்று தீர்வு, மற்றது சமன். இதைவிட என்ன வேண்டும்?

வைகைக்கரையான், 13 ஜூன் 2024, காலை 7.15

மேலூராரின் நிலையைச் சரிபார்த்தேன், ஓட்டை இல்லை. இருந்தாலும் எனக்கு d6-தான் மனசுக்கு ஒத்துவருகிறது. b6-க்குப் போவது வெள்ளை தானே சென்று கிணற்றில் விழுவது. கறுப்பு எதுவும் செய்ய வேண்டியதில்லை. யானைச் செக்குக்கு b7 என்ற பதிலில் கறுப்பு ஒரு தேர்வு செய்கிறது, a7-ஐ விட்டு b7-ஐ எடுக்கிறது. மறுப்பு எதிராளியின் கையிலிருந்து வரும்போதுதான் தோற்றவனுக்கு ஏன் தோற்றோம் என்பது புரிகிறது என்று தோன்றுகிறது. அதே சமயம், d6-இலிருந்து ராஜா d7-க்குப் போய்ச் சிப்பாயைக் காப்பது ஒரு பொறியாக அமையும் என்று முதலில் எண்ணியிருந்தேன். அது கறுப்பின் a7, b7 இரண்டு பதிலுக்கும் தோற்கிறது. ஐயாவின் இலக்கணப்படி அது வெறும் தவறு.

தல்லாகுளத்தார், 13 ஜூன் 2024, இரவு 8.30

இதில் நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஸ்டேல்மேட்டில் விழும் பொறியைப் பொறி என்று ஏற்பவர்களும் உண்டு, ஏற்காதவர்களும் உண்டு. ஒன்று மட்டும் கவனியுங்கள்: c5-இல் ராஜா நின்றால், c6, b6 இரண்டில் ஒன்று என்று தீர்ப்பவர் சீக்கிரமே ராஜாவைத் தொட்டுவிடுவார். d6-இல் நின்றால் ராஜாவைத் தொடவே தோன்றாது. சிப்பாய்தான் கண்ணில் உறுத்தும். பொறிகளைக் கூட்டினால் தீர்வும் வெளிச்சத்துக்கு வந்துவிடும் சில சமயம்.

மேலூர் பொறியாளர், 16 ஜூன் 2024, மாலை 6.20

சரி, d6-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் பலகை காலியாக இருக்கிறது என்ற என் பழைய குறை அப்படியேதான் நிற்கிறது. இதிலும் h6-இல் ஒரு கறுப்புச் சிப்பாயை வைத்து இரட்டைப் புதிர் ஆக்கலாமே?

வைகைக்கரையான், 16 ஜூன் 2024, இரவு 9.35

அதை நேற்றே வைத்துப் பார்த்துவிட்டேன், ஓட்டையாகிவிடுகிறது. d6 நிலையில் h6 சிப்பாயைச் சேர்த்தால், ராஜா c6 என்பதும் மூன்றில் மேட். ராணியாக்கிச் செக் வைப்பதும் மூன்றில் மேட். ராணிச் செக்குக்குக் கறுப்பு a7-க்கு வந்த பிறகு வெள்ளை ராஜா c6-க்குப் போகலாம். முன்பு அங்கே ஸ்டேல்மேட், இப்போது h5 என்ற நகர்வு இருப்பதால் ஆட்டம் தொடர்ந்து ராணி b7-இல் மேட். முதல் நகர்வு இரண்டு என்றால் புதிர் இல்லை. இரண்டு நகர்வுப் புதிரில் விடையைப் புரட்டிய அதே சிப்பாய், மூன்று நகர்வுப் புதிரை உடைக்கிறது.

நகர முடியாத சிப்பாய்களை வைத்தால் மட்டுமே தப்பும்: h6-இல் கறுப்பு, h5-இல் வெள்ளை, ஒன்றையொன்று முட்டி நிற்கட்டும். அப்போது தீர்வும் பொறிகளும் மாறாமல் இருக்கின்றன, பலகையும் காலியாகத் தெரிவதில்லை.

தல்லாகுளத்தார், 17 ஜூன் 2024, காலை 6.20

அந்த இரண்டு சிப்பாய்களும் வேலை செய்யாமல் நிற்கும் காய்கள். புதிர்ப் போட்டிக்கு அனுப்பினால் நடுவர் முதலில் அவற்றைத்தான் கேட்பார்.

மேலூர் பொறியாளர், 17 ஜூன் 2024, காலை 8.05

வேலை செய்கின்றனவே ஐயா, மறைக்கும் வேலை. பிள்ளைகள் அந்தச் சிப்பாய்களையே பார்த்துக்கொண்டு, வெள்ளை ராஜா h பத்திக்குப் போய் வெட்ட வேண்டுமோ என்று குழம்பினால் அதுவும் ஒரு பொறிதானே.

வைகைக்கரையான், 17 ஜூன் 2024, இரவு 9.10

வரும் ஞாயிறு இரண்டையும் போடுகிறேன்: முன்வரிசைப் பிள்ளைகளுக்கு மூன்று காய், பின்வரிசைக்கு முட்டி நிற்கும் சிப்பாய்களோடு ஐந்து காய். கீழே வாசகம் இரண்டிலும் "மூன்றில் மேட்" என்றுதான் இருக்கும்.